லாக் ஓபரான் படத்தில் அம்புகள் முடங்கிய இடம்

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானை அணைந்த நிலை, இயங்கும் நிலை என இரு கட்டங்களாக வரைந்தபோது, முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்கு அம்புகள் செல்லவே மறுத்தன. அணைந்த நிலையில் ரெப்ரசர் என்ற தடுப்புப் புரதம் ஆபரேட்டர் என்ற டிஎன்ஏ பகுதியில் அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கிறது. அந்த ரெப்ரசரைப் பிடித்து ஆபரேட்டரிலிருந்து விலக்குவது அல்லோலாக்டோஸ்; அதை லாக்டோஸிலிருந்து ஆக்குவது lacZ மரபணு தரும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி; லாக்டோஸை உள்ளே கொண்டுவருவது lacY மரபணு தரும் பெர்மியேஸ் புரதம். அணைந்த கட்டத்தில் இவ்விரண்டும் இல்லையென்றால் தொடக்கமே இல்லை.

லாக்டோஸையே ரெப்ரசரோடு ஒட்டிப் பார்த்தேன். படம் எளிதானாலும் வேதியியல் பொய்த்தது. குளுக்கோஸ் இல்லாதபோது உதவும் கேப் புரதத்தைச் சேர்த்ததில் நெரிசல்தான் மிஞ்சியது. அது படியெடுத்தலை வலுப்படுத்துமே தவிர ரெப்ரசரை அகற்றாது.

ரெப்ரசர் அவ்வப்போது தானாகவே ஆபரேட்டரை விட்டு நழுவுவதால் அணைந்த நிலையிலும் சிறிதளவு எம்ஆர்என்ஏ உருவாகிறது என்பதை, முதல் கட்டத்தில் மெல்லிய புள்ளிக்கோடாகவும் ஓரிரு பெர்மியேஸ், நொதி உருவங்களாகவும் வரைந்ததும் தடை நீங்கியது, நிம்மதியும் வந்தது. இயங்கும் கட்டத்திலும் lacI மரபணுவையும் அதன் ரெப்ரசரையும் அழிக்காமல், அல்லோலாக்டோஸ் ஒட்டி வடிவம் மாறியதாகவே காட்ட வேண்டும். பல படங்கள் இதை விட்டுவிடுகின்றன.