கண்ணாடியில் இடவலம் மாறிய எழுத்தை நேராக்கியது: என் அனுபவம்

ஒரு கடைக்குள்ளிருந்து வெளிப்புறமாக எடுத்த பழைய புகைப்படத்தில், சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயரும் மூன்று இலக்க எண்ணும் இடவலம் மாறித் தெரிந்தன. அவற்றை நேராக எழுதித் தர எனக்கு மூன்று நாள் வீணானது.

முதலில் படத்தை 180 பாகை சுழற்றினேன். எழுத்துகள் கவிழ்ந்தன, கீழ்வரி மேலே போனது. அது முற்றிலும் வேறு மாற்றம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்து, படத்தில் 825 என்று தெரிந்த எண்ணின் வரிசையை மட்டும் திருப்பி 528 என்று எழுதினேன். அதுவும் தவறு.

இலக்கங்கள் கணிப்பான் திரையில் வருவதைப் போல நேர்கோடுகளால் ஆனவை. அவ்வடிவில் 2-ஐ இடவலம் மாற்றினால் 5 ஆகிவிடும், 5 மாறி 2 ஆகிவிடும், 8 மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே வரிசையோடு ஒவ்வோர் இலக்கத்தின் உருவத்தையும் திருப்ப வேண்டும். உண்மையான எண் 258.

பலன் தந்தது, படத்தொகுப்பியில் கிடைமட்டமாகத் திருப்பும் வசதி. ‘பொம்மை’ என்ற பெயரில் ‘ப’ இருபுறமும் ஒன்றுபோல் தெரிந்து ஏமாற்றினாலும், ஒற்றைக்கொம்பு அதன் இடப்பக்கம் வந்து சேர்ந்ததைக் கண்டதும் திசை உறுதியானது. அதே நொடியில், அதுவரை நேராகத் தெரிந்த எதிர்க்கடைப் பலகை இடவலம் மாறிப் போனது. அதனால் பலகையை மூலப்படத்திலிருந்தும், கண்ணாடி எழுத்தைத் திருப்பிய படியிலிருந்தும் தனித்தனியே படித்து எழுதினேன்.