“தம்பி, இதை எழுதாத” என்றால் பேனாவைக் கீழே வைக்கலாமா?

பாம்பன் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றில் சில வருடம் நான்தான் மினிட் புக் எழுதினேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடியும். அதற்கு முன்பே ஐஸ் யாரிடம் வாங்குவது என்று பேசி முடிக்க வேண்டும். அப்படி ஒரு மே மாதக் கூட்டத்தில் மூன்று விலைப்புள்ளிகள் மேசையில் இருந்தன. கமிட்டி உறுப்பினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “தம்பி, இதை எழுதாத. ரெண்டாவது கம்பெனியில என் மச்சானுக்குப் பங்கு இருக்கு” என்றார். நானும் பேனாவை வைத்துவிட்டேன். கட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்ட அந்தக் கம்பெனிக்கே ஆர்டர் போனது. அவரும் கை தூக்கியிருந்தார்.

தணிக்கைக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: “குறைந்த விலையை ஏன் விட்டீர்கள்?” புத்தகத்தில் பதில் இல்லை.

எழுத வேண்டாம் என்று சொல்பவர் கையில் அந்த முடிவை விட்டதுதான் என் முதல் தவறு. பணம், ஓட்டு, பொறுப்பு ஆகிய மூன்றில் ஒன்று அந்தப் பேச்சால் நகர்ந்தால் அது குறிப்பில் வந்தாக வேண்டும். அதற்காக மச்சான் கதையெல்லாம் தேவையில்லை. “உறுப்பினர் தமக்கு இந்த நிறுவனத்துடன் உறவுவழித் தொடர்பு இருப்பதைத் தெரிவித்தார், முடிவெடுப்பதில் கலந்துகொள்ளவில்லை” என்ற ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியின் பின்பாதி உண்மையாக இருக்க, அவரை அப்போதே விலகியிருக்கச் சொல்லியிருக்க வேண்டும். கூடுதல் விலைக்கான காரணத்தையும், அப்படி ஒன்று இருந்தால், அங்கேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர்: காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவது. அதே கூட்டத்தில் ஒரு அக்கா கடன் தவணைக்கு அவகாசம் கேட்டார். வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில் இருப்பது, நகை அடகில் இருப்பது எல்லாம் சொல்லி அழுதார். அதில் எழுத வேண்டியது “குடும்பச் சூழல் கருதி மூன்று மாத அவகாசம்” மட்டுமே. யார் படகு எல்லை தாண்டியது என்ற டீக்கடைப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை. மினிட்ஸ் முடிவுகளின் பதிவு. வசனப் புத்தகம் அல்ல.

“சில விஷயங்கள் பதிவுக்கு அப்பாற்பட்டுப் பேசப்பட்டன” என்று எழுதுவார்கள் சிலர். இதைவிட மோசமான வரி கிடையாது. ரகசியமும் காக்கப்படாது, விவரமும் இருக்காது. படிப்பவருக்குச் சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

அப்புறம் வெள்ளை மை. கையெழுத்தாகும் முன் பிழை என்றால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். கையெழுத்தான பிறகு அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். ரப் நோட்டில் “எழுதாதே” என்ற பேச்சைப் பெயரோடு குறித்துவைக்கும் பழக்கமும் எனக்கு இருந்தது. தணிக்கையாளர் அடுத்து கேட்டது அந்த நோட்டைத்தான்.