புகைபோக்கி அறிக்கையைத் தமிழாக்கும்போது mg/Nm³ அலகில் உள்ள N-ஐ விட்டுவிடாதீர்கள்

புகைபோக்கி உமிழ்வு அறிக்கையைத் தமிழாக்கத் தொடங்கும்போதே, mg/Nm³ என்ற அலகுக்கு ‘இயல்நிலைக் கன மீட்டருக்கு மில்லிகிராம்’ என்ற தொடரை உறுதிசெய்து, துகள் பொருள், கந்தக டை ஆக்சைடு ஆகிய இரண்டின் அளவீட்டுக்கும் வரம்புக்கும் அதையே பயன்படுத்துங்கள். அட்டவணையில் மூலக் குறியீட்டையும் அப்படியே வையுங்கள்.

இங்கே N என்பது, வாயுவின் கனஅளவு குறிப்பிட்ட வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிக் கணக்கிடப்பட்டது என்பதைக் காட்டுகிறது. சூடான வாயு விரிவடைவதால், 150 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டரில் 40 மில்லிகிராம் துகள் இருந்தால், அழுத்தம் மாறாத நிலையில், வெப்பநிலைகளைக் கெல்வினில் எடுத்து 25 பாகைக்கு மாற்றும்போது அது ஏறத்தாழ 57 ஆகிவிடும் (40 × 423 ÷ 298). வரம்பு 50 என்றால், N விடுபட்ட மொழிபெயர்ப்பில் புகைபோக்கி நிலையிலுள்ள 40-ஐ வரம்புடன் நேரடியாக ஒப்பிட்டு, மீறல் இல்லையென்று அலுவலர் முடிவெடுக்க நேரலாம். அடிப்படை வெப்பநிலை நாட்டுக்கு நாடு 0 பாகையாகவோ 25 பாகையாகவோ இருப்பதால், அறிக்கையின் அடிக்குறிப்பில் உள்ளதையே எடுத்தெழுதுங்கள். நினைவிலிருந்து நிரப்புவது ஆபத்து. எண்ணை நீங்களே மாற்றிக் கணக்கிடவும் வேண்டாம், அது ஆய்வகத்தின் பொறுப்பு.

கந்தக டை ஆக்சைடு ppm அலகிலோ மணிக்கு இத்தனை கிலோகிராம் என்றோ தரப்பட்டிருந்தால் இந்தத் தொடர் பொருந்தாது. முன்னது கனஅளவு விகிதம், பின்னது ஒரு மணி நேரத்தில் வெளியேறும் மொத்த நிறை.