500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில் ஏன் எகிறுகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 400 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும், அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. 500தான் வில்லங்கமான எல்லை. அதைத் தாண்டியதும் அட்டவணையே மாறிவிடும்.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 வரை பயன்படுத்துபவருக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் தலா ரூ.2.35, அப்புறம் 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. மொத்தம் ரூ.1,805. 501 ஆகிவிட்டால் அந்த ரூ.2.35 சலுகை போய், 101-லிருந்தே ரூ.4.70 கணக்கு. 501-வது யூனிட்டின் விலை ரூ.8.40தான். ஆனால் பில் ரூ.2,048.40 ஆகிவிடும். ஒரே யூனிட்டுக்கு ரூ.243 கூடுதல்!

அதனால் கணக்கெடுத்து 45 நாள் ஆனதும் மீட்டரில் kWh என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அதிலிருந்து போன முறை குறித்த ரீடிங்கைக் கழியுங்கள். 390 வந்தால், இதே வேகத்தில் 60 நாளில் 520 ஆகும். மீதி 15 நாளும் தினம் 7 யூனிட்டோடு நிறுத்தினால் 495-இல் முடியும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் வரை இழுக்கும்; இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தாலே பெரும்பாலும் போதும். ரீடிங் எடுப்பவர் ஓரிரு நாள் தாமதமாக வரலாம், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். ஏற்கெனவே 600-ஐ நெருங்கிவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.