டாக்டரிடம் கொடுக்கும் வாரக் குறிப்பு: சுருக்கும்போது செய்யும் தவறுகள்

முதுமை மறதி உள்ளவரைக் கவனிக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பணிப்பெண் இரண்டு வரி எழுதுவார், மகளோ மருமகளோ இரண்டு வரி சேர்ப்பார்கள். அதை டாக்டருக்காக வாரத்துக்கு ஒரு பக்கமாகச் சுருக்கும்போதுதான் முக்கியமான செய்தி விழுந்துபோகிறது.

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 78 வயது. முதுமை மறதிக்கான டொனெபெசில் மாத்திரையை இரவில் 5 மில்லிகிராம் எடுத்து வந்தார். டாக்டர் சொன்னபடி செவ்வாய் இரவு முதல் அது 10 ஆனது. ஞாயிறன்று மகள் எழுதிய சுருக்கம் இது: “தூக்கம் சராசரி ஐந்தரை மணி நேரம். மூன்று முறை கோபம். சாப்பாடு குறைவு. மருந்து ஒழுங்காகக் கொடுத்தோம்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்தரை மணி நேரம் எந்த இரவிலும் நடக்காத தூக்கம். திங்கள், செவ்வாய், புதன் ஏழேழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். வியாழன், வெள்ளி, சனி நான்கு மணி நேரம்தான். ஒரு மணிக்கு எழுந்து மூன்று மணி வரை அலமாரியைக் கிளறியிருக்கிறார். மருந்தின் அளவு கூடியதற்கும் தூக்கம் கெட்டதற்கும் இடையே இரண்டே நாள். சராசரி போட்டதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. டொனெபெசில் சிலருக்குத் தூக்கத்தையும் கெடுக்கும், பசியையும் குறைக்கும். தேதி தெரிந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். தெரியாவிட்டால் தூக்க மருந்து ஒன்று கூடுதலாக வரலாம். வயதானவர் அதனால் தடுமாறி விழுகிற அபாயம் தனி. (நேரத்தையோ அளவையோ நாமாக மாற்றக்கூடாது.)

ஆகவே சுருக்கத்தின் முதல் வரி, அந்த வாரம் என்ன மாறியது, எந்தத் தேதியில் என்பதாக இருக்கட்டும். புது மருந்து, சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, புதுப் பணிப்பெண், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகாத நாள் எல்லாம் இதில் சேரும். தூக்கத்தைப் பற்றி எழுதும்போது பகலில் கண் அயர்ந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியவரின் இரவை வேறு மாதிரிதான் படிக்க வேண்டும்.

“மூன்று முறை கோபம்” என்பதிலும் இதே கதைதான். செவ்வாய்க்கிழமை நடந்தது குளிப்பாட்டும்போது. தண்ணீர் பட்டதும் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். வெள்ளியும் சனியும் நடந்தது வேறு: மாலை ஆறு மணிக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்று அரை மணி நேரம் அழுகை. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் டாக்டருக்குப் பயனில்லை. கோபம், அடம், தொல்லை என்பவை எழுதுபவரின் களைப்பைத்தான் சொல்கின்றன. என்ன செய்தார், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அடங்கியது என்று எழுதினால் போதும்.

அப்புறம் ஞாயிறு. அன்று பணிப்பெண்ணுக்கு விடுமுறை, நோட்டில் ஒரு வரிகூட இல்லை. பலர் வெற்றிடத்தை “பிரச்சினை இல்லை” என்று எண்ணிவிடுகிறார்கள். “6 நாள் குறிப்பு, ஞாயிறு எழுதவில்லை” என்று வெளிப்படையாகப் போடுவதே நேர்மை.

மருந்தில் “கொடுத்தோம்” வேறு, “விழுங்கினார்” வேறு. இந்த வீட்டில் வியாழன் காலை ரத்த அழுத்த மாத்திரை தட்டுக்கு அடியில் கிடந்தது. துப்பியது, மறுத்தது, மறந்தது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்.

திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“மாற்றம்: செவ்வாய் இரவு முதல் டொனெபெசில் 10 மி.கி. குறிப்பு 6 நாள், ஞாயிறு இல்லை.
தூக்கம்: திங்கள்–புதன் 7 மணி நேரம்; வியாழன்–சனி 4, ஒன்று முதல் மூன்று வரை விழிப்பு. பகல் தூக்கம் வெள்ளி, சனி ஒரு மணி நேரம்.
அமைதியின்மை: செவ்வாய் குளியலில் ஒரு முறை. வெள்ளி, சனி மாலை 6 மணிக்கு அரை மணி நேரம். பாட்டுப் போட்டதும் அடங்கியது.
பசி: வியாழன் முதல் மதியச் சோறு பாதி, வாந்தி இல்லை. மலம் வழக்கம்போல்.
மருந்து: வியாழன் காலை ரத்த அழுத்த மாத்திரை விழுங்கவில்லை.
கேள்வி: தூக்கம் கெட்டதற்கு மருந்தின் அளவு காரணமா?”

ஆனால் எல்லாவற்றையும் வாரக் கடைசிக்குத் தள்ளி வைக்க முடியாது. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, காய்ச்சலோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ இருந்தாலோ உள்ளே தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். அன்றே பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போக வேண்டும். எழுப்பினாலும் விழிக்காவிட்டால் உடனே 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.