லீவு மெயிலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்காக 5 நாள் லீவு கேட்டு மெயில் அனுப்பினேன். என்ன சிகிச்சை, எத்தனை நாள் ஓய்வு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதி, Cc-யில் டீமின் குழு முகவரியையும் போட்டுவிட்டேன். எங்கள் டீமில் இருப்பது 12 பேர், அவர்களுக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். உண்மையில் அந்த முகவரியில் 40 பேருக்கும் மேல் இருந்தார்கள். திரும்பி வந்த அன்று, அதுவரை பேசியே இராத ஒருவர் லிஃப்டில், "தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு உடம்பே கூசிப்போனது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. அனுமதி கேட்கும் மெயில் வேறு, "இந்த நாட்களில் நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லும் மெயில் வேறு. இரண்டையும் ஒரே மெயிலில் அடைக்கும்போதுதான் Cc யார் யார் என்ற குழப்பமே வருகிறது. நான் அன்று கேட்ட அதே 5 நாள் லீவை, திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொண்டு, இன்று எப்படி அனுப்புவேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முகவரி போடுவதற்கு முன் ஆட்களை எழுதிக்கொள்ளுங்கள்

மெயில் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாளில், இந்த லீவால் யார் யாருக்கு ஏதாவது மாறும் என்று எழுதுங்கள். என் கணக்கில் வந்தவர்கள்: என் மேனேஜர், நான் வேலை செய்யும் ப்ராஜெக்ட்டின் லீட், என் வேலையைப் பார்த்துக்கொள்ளப்போகும் சக ஊழியர், ஹெச்.ஆர்., டீமில் மற்றவர்கள், வாராவாரம் என்னிடம் அறிக்கை வாங்கும் வாடிக்கையாளர். மேனேஜருக்கு மேலே இருப்பவரையும் எழுதினேன். அவரை விட்டால் தப்பாகுமோ என்ற பயம்தான் காரணம்.

இனி ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி. இந்த மெயிலைப் படித்த பிறகு இவர் என்ன செய்யப்போகிறார்? இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் இவர் படிப்பதில் எனக்குச் சம்மதமா? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அவருக்கு மெயிலே வேண்டாம். முதலாவதற்குப் பதில் இருந்து, இரண்டாவதற்கு "இல்லை" என்றால், அவருக்குத் தனி மெயில்.

படி 2: To-வில் ஒரே ஒருவர்

"சரி" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவர் மட்டும் To-வில். மின்னஞ்சலுக்கான RFC 5322 தரநிலையும் இப்படித்தான் பிரிக்கிறது: முதன்மையாக யாருக்கு எழுதுகிறோமோ அவர் To, மெயில் அவரை நோக்கி எழுதப்படாவிட்டாலும் கையில் கிடைக்கவேண்டியவர் Cc.

To-வில் இரண்டு பேரைப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேனேஜர், லீட் சொல்லிவிடுவார் என்று விட்டுவிடுவார். லீட், மேனேஜர்தானே சொல்லவேண்டும் என்று விட்டுவிடுவார். லீவுக்கு முந்தைய நாள் மாலை வரை பதில் வராது. யார் அனுமதிப்பவர் என்று உங்களுக்கே தெளிவில்லையா? லீவு போர்ட்டல் இருந்தால், அதில் விண்ணப்பம் யாருடைய பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். To-வில் வரவேண்டியவர் அவர்தான்.

படி 3: அனுமதி மெயிலின் Cc

என் பட்டியலில் இருந்து இந்த மெயிலின் Cc-க்கு வந்தது ஒரே பெயர், ப்ராஜெக்ட் லீட். அந்த வாரம் வேலையை அவர் மாற்றிப் பிரிக்கவேண்டும். தேதி ஒத்துவராது என்றால் மேனேஜர் அனுமதிக்கும் முன்பே அவர் சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் Cc-யில் இருப்பதால், சிகிச்சை விவரத்தை இந்த மெயிலில் எழுதமாட்டேன். மேனேஜரிடம் அதை நேரிலோ போனிலோ சொல்லிக்கொள்ளலாம். மெயில் இவ்வளவுதான்:

> To: மேனேஜர்
> Cc: ப்ராஜெக்ட் லீட்
> பொருள்: விடுப்பு அனுமதி, திங்கள் முதல் வெள்ளி வரை (5 நாட்கள்)
>
> வணக்கம் சார்,
> மருத்துவக் காரணத்துக்காக அடுத்த மாதம் இரண்டாவது வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாட்கள் விடுப்பு தேவைப்படுகிறது. அந்த வாரத்து அறிக்கையை என் சக ஊழியர் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். லீடும் தெரிந்துகொள்வதற்காக அவரை Cc-யில் சேர்த்திருக்கிறேன். இந்த வெள்ளிக்குள் உங்கள் அனுமதி கிடைத்தால், மற்றவர்களுக்குத் தெரிவித்துவிடுவேன்.

Cc-யில் இருப்பவர் ஏன் இருக்கிறார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். இல்லையென்றால் மேனேஜர், "இவரை ஏன் சேர்த்திருக்கிறார்கள்?" என்று யோசிப்பார்.

வேலையை ஏற்கப்போகும் சக ஊழியரை இங்கே சேர்க்கவில்லை. அவரிடம் முதலிலேயே பேசிச் சம்மதம் வாங்கியாயிற்று. கேட்காமல் ஒருவரை Cc-யில் போட்டு, "இவர் பார்த்துக்கொள்வார்" என்று மேனேஜருக்கு எழுதுவது அவரைப் பொறியில் மாட்டுவது போல. மேனேஜர் முன்னால் அவரால் முடியாது என்று சொல்லமுடியாது.

மேனேஜருக்கு மேலே இருப்பவரின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். சாதாரண 5 நாள் லீவுக்கு அவரைச் சேர்த்தால், "நீங்கள் தரமாட்டீர்கள் என்றுதான் அவரிடமும் சொல்கிறேன்" என்று மேனேஜருக்கு அர்த்தமாகும். நாம் மரியாதைக்காகச் செய்தது புகார் மாதிரி போய் நிற்கும். அவரைச் சேர்க்கவேண்டிய நேரங்களும் உண்டு. அலுவலக விதியே அவர் அனுமதி வேண்டும் என்று சொன்னால் சேர்க்கவேண்டும். மேனேஜரே லீவில் இருந்தால், அவருடைய தானியங்கி பதிலில் யாரைத் தொடர்புகொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தப் பெயரை To-வில் வைத்து, மேனேஜரை Cc-க்கு மாற்றுங்கள்.

ஹெச்.ஆர். பற்றி ஒரு வார்த்தை. போர்ட்டலில் விண்ணப்பித்தால் விவரம் அவர்களுக்குப் போய்விடும், Cc தேவையில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுக்கவேண்டி வந்தாலோ, சம்பளம் பிடிப்பது பற்றிய கேள்வி இருந்தாலோ, அவர்களுக்கு மட்டும் தனி மெயில் எழுதுங்கள். சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். அதை லீட் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

படி 4: அனுமதி வந்த பிறகு, புதிய மெயில்

அவசரத்தில் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். மேனேஜர் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்" என்று பதில் போடுவார். அதையே Forward செய்து டீமுக்கு அனுப்பினால், நீங்கள் கவனமாக மறைத்த விவரம் கீழே ஒட்டிக்கொண்டு போகும். பழைய இழையில் Reply all கொடுத்துப் புதுப் பெயர்களைச் சேர்த்தாலும் இதே கதைதான். ஆகவே புதிதாக ஒரு மெயில் திறங்கள்.

இதில் To-வில் டீமில் உங்களோடு அன்றாடம் வேலை செய்பவர்கள், Cc-யில் மேனேஜரும் லீடும். தேதி, உங்கள் வேலையை யார் பார்க்கிறார், எதற்கு அவரைக் கேட்கலாம் என்ற மூன்று மட்டும் போதும். காரணம் வேண்டாம், "விடுப்பில் இருப்பேன்" என்றாலே புரியும். குழு முகவரியைப் போடும் முன் அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைச் சொடுக்கி உறுப்பினர் பட்டியலை விரித்துப் பாருங்கள். பட்டியல் தெரியவில்லை என்றால் பெயர்களைத் தனித்தனியாகவே போடுங்கள். நான் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் லிஃப்டில் அந்தக் கேள்வி வந்தது.

வாடிக்கையாளருக்கு மூன்றாவதாக ஒரு சின்ன மெயில். அந்த வாரத்து அறிக்கை யாரிடமிருந்து வரும் என்பது மட்டுமே அதில் இருக்கும். அறிக்கை அனுப்பப்போகும் சக ஊழியரை இதில் Cc-யில் வையுங்கள், அவருடைய முகவரி வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடும். டீம் மெயிலில் வாடிக்கையாளரைச் சேர்க்கவே கூடாது. யாராவது Reply all-இல் உள்விவகாரம் ஒன்றைக் கேட்டுவிட்டால் அது நேராக அவரிடம் போகும்.

Bcc வேண்டாம்

சாட்சிக்காக ஒருவரை ரகசியமாக Bcc-யில் வைக்கலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். அவர் தன்னை மறைத்து வைத்திருப்பதைக் கவனிக்காமல் Reply all அழுத்தினால், பதில் மேனேஜருக்கும் போகும், மறைத்தது தெரிந்துவிடும். உங்களிடம் ஆதாரம் இருக்கவேண்டும் என்றால், அனுப்பிய மெயிலும் மேனேஜரின் பதிலும் உங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன.

அனுப்பும் முன்

முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மெயிலே ஒரு பெயரை நீட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தவறான ஆள் உள்ளே வந்துவிடுவார். பெயரைப் பார்க்காதீர்கள், முழு முகவரியையும் பாருங்கள். ஜிமெயில் என்றால் அமைப்புகளில் Undo Send நேரத்தை 30 நொடிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அங்கே கிடைக்கும் அதிகபட்ச நேரம். அவுட்லுக்கில் மெயிலைத் திரும்பப் பெறும் வசதியை நம்பி இருக்கவேண்டாம். அலுவலகத்துக்கு வெளியே போன மெயிலில் அது பலிக்காது.

காலையில் திடீரென்று முடியாமல் போனால்

மேலே சொன்னதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த லீவுக்கு. காய்ச்சலோடு எழுந்த காலையில் இரண்டு மெயில் எழுதத் தெம்பு இருக்காது. அன்றைக்கு ஒரே மெயில் போதும்: To-வில் மேனேஜர், Cc-யில் லீடும் அன்று உங்களுக்காக எங்காவது காத்திருக்கப்போகிறவர்களும். காலை 11 மணிக்கு மீட்டிங் இருந்தால் அதை நடத்துபவர், இன்று உங்களிடமிருந்து ஒரு கோப்பு வாங்கவேண்டியவர், இவர்கள்தான் அவர்கள். நாளைக்குத்தான் உங்களைத் தேடுவார் என்பவரை விட்டுவிடுங்கள். Cc அகலமாகிவிட்டதால் உள்ளே "உடல்நிலை சரியில்லை, இன்று வர இயலாது" என்பதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். மேனேஜர் இன்னும் மெயில் திறந்திருக்கமாட்டார் என்று தோன்றினால், அவருக்கு மட்டும் போனில் ஒரு செய்தி.

லீவு நீண்டால்

மருத்துவர் இன்னும் இரண்டு நாள் ஓய்வு சொன்னார் என்று வையுங்கள். பழைய அனுமதி இழையிலேயே மேனேஜருக்குப் பதில் எழுதுங்கள், லீட் அதில் ஏற்கெனவே இருக்கிறார். அனுமதி கிடைத்ததும் டீம் மெயிலுக்கும் வாடிக்கையாளர் மெயிலுக்கும் தனித்தனியே போய், அதே ஆட்களுக்குப் புதிய தேதியைச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது வாடிக்கையாளரைத்தான். சக ஊழியர் அடுத்த வாரமும் அறிக்கை அனுப்பவேண்டியிருந்தால், அவரிடமும் முதலில் போனில் கேட்டுவிட்டே அந்த மெயிலை அனுப்புங்கள்.