ஊசல் பரிசோதனை: நான்கு குழுக்களின் விடைகளை ஒன்றாக்குவது எப்படி?

எளிய ஊசலால் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனையை வன்னியில் எனது உயர்தர வகுப்பு நான்கு குழுக்களாகச் செய்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மாணவன் கொண்டுவந்த உருண்டை ஈயக்குண்டுகள், தையல் நூல், ஒரு மீற்றர் நீளம். வயற்காற்று ஊசலைத் தள்ளாதபடி யன்னல்களைச் சாத்திவிட்டுத் தொடங்கினோம்.

கிடைத்த விடைகள் (மீற்றர்/செக்கன்²): முதலாம் குழு 9.79, இரண்டாம் குழு 9.77, மூன்றாம் குழு 9.84, நான்காம் குழு 9.90. கூட்டி நான்கால் வகுத்தால் 9.825 வரும். பெரும்பாலான வகுப்புகள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. அது தவறு.

முதலில் ஒவ்வொரு விடைக்கும் வழுவைக் கணியுங்கள். ஒரு மீற்றர் ஊசல் ஒருமுறை அலைய ஏறக்குறைய 2 செக்கன் எடுக்கும். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் ஏறக்குறைய 0.1 செக்கன். நான்காம் குழு 10 அலைவுகளையே எண்ணியது. 20 செக்கனில் 0.1 என்பது 0.5 சதவீதம். சூத்திரத்தில் அலைவுகாலம் வர்க்கத்தில் வருவதால் ஆர்முடுகலின் வழு 1 சதவீதமாகிறது, அதாவது 0.10. மூன்றாம் குழு 20 அலைவுகள் எண்ணியதால் அதன் வழு 0.05. முதலிரு குழுக்களும் பொறுமையாக 50 வரை எண்ணின. அவற்றின் வழு 0.02.

அடுத்து நிறை கொடுப்போம். சமமான வழுவுள்ள நான்கு அளவீடுகளின் சராசரியை எடுத்தால் வழு பாதியாகும். 25 அளவீடுகளை எடுத்தால் ஐந்தில் ஒன்றாகும். ஆகவே 0.05 வழுவுள்ள ஒரு விடை, 0.10 வழுவுள்ள நான்கு விடைகளுக்குச் சமம். 0.02 வழுவுள்ளது 25 விடைகளுக்குச் சமம். குழுக்களின் நிறைகள் 25, 25, 4, 1 என அமைகின்றன. வழுவின் வர்க்கத்தால் 1ஐ வகுப்பது என்ற விதி இதைத்தான் சொல்கிறது. 25 மூடை நெல் ஒரு விலைக்கும் ஒரு மூடை வேறு விலைக்கும் விற்றவர், சராசரி விலை காண இரண்டு விலைகளையும் கூட்டிப் பாதியாக்கமாட்டார் அல்லவா?

இப்போது ஒவ்வொரு விடையையும் அதன் நிறையால் பெருக்கிக் கூட்டி, நிறைகளின் மொத்தமான 55 ஆல் வகுத்தால் நிறையிட்ட இடை, அதாவது நிறைக்கேற்ற சராசரி, கிடைக்கும்:

```
(25×9.79 + 25×9.77 + 4×9.84 + 1×9.90) / 55 = 9.787
வழு = 0.10 / √55 = 0.013
```

சாதாரண சராசரியின் வழுவையும் கணித்துப் பார்த்தேன்: 0.029. முதலாம் குழு தனியாகப் பெற்ற 0.02ஐ விட இது மோசம்! கவனமாக அளந்தவர்களின் உழைப்பைச் சமபங்கீடு கெடுத்துவிடுகிறது. நிறையிட்ட இடையின் வழுவோ எந்தத் தனிக்குழுவின் வழுவையும் விடச் சிறியது.

“சேர், எங்கள் விடையை விட்டுவிடலாமே?” என்று நான்காம் குழு மாணவி கேட்டாள். விட்டால் 9.784 வரும், ஏறக்குறைய மாற்றமே இல்லை. 9.90, இடையிலிருந்து தன் வழுவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் விலகியிருக்கிறது. நேர்மையாகச் சொல்லப்பட்ட பெரிய வழு யாருக்கும் தீங்கு செய்யாது. ஆபத்தானது பொய்யான சிறிய வழு. கடிகாரம் 0.01 செக்கன் வரை காட்டுகிறது என்று அதையே வழுவாக எழுதினால், 50 அலைவுக்கு 0.002 வரும், அந்தக் குழுவின் நிறை 2500 ஆகி மற்றவர்களை விழுங்கிவிடும். ஒரே அளவீட்டை ஐந்து தடவை செய்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஒரு குழுவுக்கு 10.18 போன்ற விடை வந்தால் சேர்க்காதீர்கள். குண்டை விடும்போதே “ஒன்று” என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். 49 அலைவுகள் 50 ஆகிவிட்டன. “பூச்சியம்” என்று தொடங்கி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

நான்கு குழுக்களும் ஒரே பிழையைச் செய்தால் நிறையிட்ட இடை காப்பாற்றாது. எல்லோரும் நூலின் நீளத்தை மட்டும் அளந்து, குண்டின் மையம் வரையுள்ள 1 சென்ரிமீற்றரை விட்டுவிட்டால், விடை 9.69 அளவுக்கு இறங்கும். அறிக்கையிலோ வழு 0.013 என்றே இருக்கும். அதனால் கணிப்புக்கு முன் ஒவ்வொரு மேசைக்கும் போய், எங்கிருந்து எங்கு வரை அளந்தார்கள் என்று கேட்கிறேன்.

புத்தகத்தில் படித்த 9.81 வராததைக் கண்டு மாணவர்கள் வாடினார்கள். அது இலண்டன் போன்ற உயர் அகலாங்குகளுக்குப் பொருந்தும் பெறுமானம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையளவில் இருக்கும் வன்னியில் அது 9.78க்கு அருகில்தான். 9.79 என்று பெற்ற முதலாம் குழுவின் 0.02 வழுவுக்குள் இரண்டுமே அடங்கும். தனியாக அதனால் எதையும் தெரிவுசெய்ய முடியாது. 9.787க்கு 0.013 வழு என்னும்போது 9.78 உள்ளே நிற்கிறது, 9.81 ஏறக்குறைய இரண்டு வழுத் தூரத்தில் இருக்கிறது. அடித்துச் சொல்ல இது போதாது. ஐந்து குழுக்கள் தலைக்கு 100 அலைவுகள் எண்ணினால் போதும் என்று கணக்குக் காட்டியது. அடுத்த வாரம் அதைச் செய்யப்போகிறோம்.